பழைய பங்குப் பத்திரத்துக்கு விலை எங்கிருந்து வருகிறது?

ஒரே மதிப்பு அச்சிட்ட இரண்டு கடன் பத்திரங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் 500 பிராங்க் என்று போட்டிருக்கிறது. முதலாவது, ஜார் மன்னர் காலத்து ரஷ்ய அரசு ரயில் பாதைகளுக்காகப் பிரான்சில் விற்ற பத்திரம். 1917 புரட்சிக்குப் பிறகு வந்த அரசு, இந்தக் கடனெல்லாம் எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று கைகழுவிவிட்டது. நூற்றுமுப்பது வயதான அந்தக் காகிதம் இன்றைக்குச் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும், ரொம்ப நல்ல நிலையில் இருந்தால் கூடுதலாக ஓரிரு ஆயிரம். இரண்டாவது, 1924இல் மார்செல் டுஷாம்ப் என்ற ஓவியர் வெளியிட்ட மான்டே கார்லோ பத்திரம். அவரிடம் கம்பெனி என்று ஒன்றும் கிடையாது, மான்டே கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் ஆடி ஜெயிப்பேன், அதற்கு முதல் கொடுங்கள் என்று கேட்டார், அவ்வளவுதான். அதில் ஒன்று 2010இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 10 லட்சம் டாலருக்கு மேல் போனது.

ஆக, பத்திரத்தில் அச்சிட்டிருக்கும் தொகைக்கும் சேகரிப்பவர் கொடுக்கும் விலைக்கும் எந்த உறவும் இல்லை. வயதுக்கும் பெரிய உறவில்லை. வேறு மூன்று விஷயங்கள்தான் விலையைக் கட்டுகின்றன: எந்தக் கம்பெனி, யார் கையெழுத்து, என்ன படம். ஆனால் இந்த மூன்றுக்கும் அடியில் நான்காவதாக ஒன்று சத்தம் போடாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதே மாதிரித் தாள் இன்னும் எத்தனை மிச்சமிருக்கிறது என்பதுதான் அது. இதை விட்டுவிட்டு மற்ற மூன்றை மட்டும் பார்ப்பவர்கள்தான் அதிக விலை கொடுத்துவிட்டு நிற்பார்கள்.

முதலில் அடிப்படை. பங்குப் பத்திரம் என்றால் கம்பெனியில் இன்னாருக்கு இத்தனை பங்கு சொந்தம் என்று சொல்லும் தாள். கடன் பத்திரம் என்றால் இன்ன தொகையைக் கடனாக வாங்கியிருக்கிறோம், இத்தனை சதவீதம் வட்டி தருவோம் என்று சொல்லும் தாள். பழைய கடன் பத்திரங்களில் வட்டிக்கான கூப்பன்கள் கீழேயோ பக்கத்திலோ வரிசையாக ஒட்டியிருக்கும், ஒவ்வொரு தவணைக்கும் ஒன்றை வெட்டிக் கொடுத்து வட்டி வாங்குவார்கள். ஒரு பத்திரத்தில் எந்தத் தேதி வரைக்கும் கூப்பன் வெட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தாலே, கம்பெனியோ அரசோ எப்போது கைவிரித்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். ரஷ்யப் பத்திரங்களில் 1918க்கான கூப்பனும் அதற்குப் பிந்தியவையும் அப்படியே தொங்கிக்கொண்டிருப்பது அதனால்தான்.

இதிலிருந்து ஒரு வேடிக்கையான விளைவு வருகிறது. ஒழுங்காக நடந்த கடன் பத்திரத்தை முதிர்வு நாளில் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கிவிடுவார்கள், அதை அப்புறம் அழித்துவிடுவார்கள். திவாலான கம்பெனியின் பத்திரத்தை யாரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை, அது பெட்டியிலேயே கிடக்கும். அதனால் தோற்றுப்போனவர்களின் காகிதம்தான் உலகத்தில் அதிகம் மிஞ்சியிருக்கிறது, ஜெயித்தவர்களுடையது குறைவு. ஜெயித்த கம்பெனியின் பங்குப் பத்திரம் வெளியே வந்திருந்தால் அதற்குப் பெரும்பாலும் ஒரே வழிதான்: ஒருவர் தன் பங்கை விற்றதும் பழைய தாள் கம்பெனிக்கே திரும்பி வரும், குமாஸ்தா அதை ரத்து செய்து, பத்திரப் புத்தகத்தில் முதலில் கிழித்த அதே அடிக்கட்டையில் பசை போட்டு ஒட்டி வைப்பார். பல தலைமுறை கழித்து அந்தப் புத்தகம் பழைய பேப்பர் வியாபாரி கைக்கு வரும். நல்ல பத்திரங்களின் இடது ஓரத்தில் பசைக் கறையும் கிழிசலும் இருப்பது இதனால்தான், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

சேகரிப்பதற்கு முன்: இது செத்த பத்திரமா, உயிரோடு இருக்கிறதா?

நம் ஊரில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து பத்திரம் கிடைத்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. கம்பெனி பெயர் மாறியிருக்கலாம், வேறு கம்பெனியோடு இணைந்திருக்கலாம், ஆனால் பங்கு இன்னும் செல்லுபடியாகிக்கொண்டிருக்கலாம். 'வெஸ்டர்ன் இந்தியா வெஜிடபிள் புராடக்ட்ஸ்' என்று ஒரு பழைய தாள் கிடைத்தால், ஏதோ மூடிப்போன எண்ணெய் ஆலை என்று நினைக்கத் தோன்றும். அதுதான் இன்றைய விப்ரோ. 'மெட்ராஸ் ரப்பர் பேக்டரி' என்றால் எம்.ஆர்.எப். இப்படிப்பட்ட தாளைச் சேகரிப்பாளரிடம் விற்றால் சில ஆயிரம் கிடைக்கும், பங்காக மீட்டால் பல லட்சம்கூடக் கிடைக்கலாம், போனஸ் பங்கும் பிரிப்பும் சேர்ந்தால் கணக்கே வேறு. 2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்கை அப்படியே இன்னொருவருக்கு மாற்ற முடியாது, டீமேட் என்ற மின்னணுக் கணக்குக்குக் கொண்டுவர வேண்டும். ஏழு ஆண்டு தொடர்ந்து டிவிடெண்ட் கேட்காமல் விட்டிருந்தால் பங்கு மத்திய அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும், அங்கே விண்ணப்பித்து மீட்கலாம். இதை விசாரித்து முடிக்கும்வரை அந்தப் பத்திரத்தை யாருக்கும் விற்காதீர்கள்.

இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. செத்த பத்திரத்தை உயிரோடு இருப்பதாகச் சொல்லி விற்பது. 1913இல் சீன அரசு வெளியிட்ட மறுசீரமைப்புத் தங்கக் கடன் பத்திரம் இதில் பிரபலம், அலங்காரமான பெரிய தாள். இதன் இன்றைய மதிப்பு கோடிக்கணக்கில் என்று கணக்குப் போட்டு, தங்கத்தின் விலையையும் கூட்டுவட்டியையும் சேர்த்துக் காட்டி, பணக்காரர்களையே ஏமாற்றியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட பழைய பத்திரங்களைப் பற்றி அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது. இதற்குச் சேகரிப்புச் சந்தையில் ஒரு விலை இருக்கிறது, அதுதான் விலை. யாராவது முதிர்வுத் தொகை, மீட்பு என்று பேச ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கம்பெனி: கதையும் கையிருப்பும்

கம்பெனியால் விலை கூடுவது எப்போது? அந்தப் பெயரைக் கேட்டதும் வாங்குபவருக்கு ஒரு கதை நினைவுக்கு வர வேண்டும். அமெரிக்காவில் ரயில், எண்ணெய், தங்கச் சுரங்கம், ஆரம்பகால மோட்டார் கார், விமானம் ஆகியவற்றுக்கு எப்போதும் ஆள் உண்டு. துணி ஆலைக்கும் உள்ளூர் வங்கிக்கும் அந்த ஊர்க்காரர்தான் வாங்க வருவார். அதே கம்பெனியிலும் காலம் முக்கியம், தொடங்கின முதல் சில ஆண்டுகளின் தாளுக்கும் ஐம்பது வருடம் கழித்த தாளுக்கும் விலையில் பத்து மடங்கு, நூறு மடங்குகூட வித்தியாசம் வரலாம். ராக்பெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் எண்ணெய்க் கம்பெனி 1870இல் ஓஹாயோவில் பத்து லட்சம் டாலர் முதலோடு தொடங்கியது, நூறு டாலர் வீதம் பத்தாயிரம் பங்கு. பங்குதாரர்கள் கைவிரலில் எண்ணிவிடக்கூடிய அளவுக்குத்தான். அதனால் அந்த 1870களின் தாள் பல ஆயிரம் டாலர் போகிறது. 1882இல் அதை டிரஸ்டாக மாற்றிய பிறகு வந்த சான்றிதழ்கள் அதிகம், விலையும் அதற்கேற்ப இறங்குகிறது. கம்பெனி அதே கம்பெனிதான், ராக்பெல்லரும் அதே ராக்பெல்லர்தான்.

நம் பக்கத்தில் இந்த மாதிரிக் கதை உள்ள தாள் என்றால் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைச் சொல்லலாம். 1906இல் வ.உ.சி. தூத்துக்குடியில் பதிவு செய்தது, பத்து லட்ச ரூபாய் முதல், 25 ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்கு, 1911இல் கலைக்கப்பட்டது. வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு இது ஏதோ ஒரு சிறிய கப்பல் கம்பெனி. தமிழ்நாட்டில் வாங்குபவருக்கு அப்படி இருக்காது. யாரிடம் விற்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் கம்பெனியின் எடை.

இப்போது கையிருப்பு விஷயம். ஜெர்மன் பத்திரங்களைச் சேகரித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியின் பங்குப் பத்திரங்கள் பெரும் அளவில் பெர்லினில் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்டன, போர் முடிந்ததும் அந்தப் பெட்டகங்கள் கிழக்குப் பகுதியில் மாட்டிக்கொண்டன. இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு, ஜெர்மனியின் அன்றைய மத்திய வங்கியான ரைக்ஸ்பாங்கின் அந்தக் குவியலை அரசு 2003 முதல் சில ஆண்டுகளாகப் படிப்படியாக ஏலம் விட்டது. அதுவரை ஒன்றோ இரண்டோதான் தெரியும் என்று பெரிய விலைக்கு விற்றுக்கொண்டிருந்த பத்திரங்கள் சில, திடீரென்று கட்டுக்கட்டாக வந்தன. விலை சரிந்தது. அங்கிருந்து வந்த தாள்களை அடையாளம் காண்பது சுலபம், செல்லாது என்று காட்டத் துளை போட்டிருப்பார்கள். இன்றைக்கும் ஜெர்மன் ஏலப் பட்டியல்களில் அந்தத் துளையைத் தனியாகக் குறிப்பிடுவார்கள், ஏனென்றால் துளையில்லாத தாள் அந்தக் குவியலிலிருந்து வந்ததில்லை என்று அர்த்தம், அதற்கு விலை அதிகம்.

'ஒன்றுதான் இருக்கிறது' என்று விற்பவர் சொன்னால், இன்றுவரை ஒன்றுதான் வெளியே தெரிந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து: ஒரு தாளை வைத்துப் பார்ப்போம்

பணம் அதிகம் புழங்குவதும் ஏமாற்று அதிகம் நடப்பதும் கையெழுத்தில்தான், அதனால் இதை ஒரு தாளை முன்னால் வைத்தே பார்த்துவிடலாம். 1860களின் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பங்குப் பத்திரம். ஆமாம், இன்றைக்குக் கிரெடிட் கார்டு கொடுக்கும் அதே கம்பெனி. 1850இல் பார்சலும் பணமும் கொண்டுபோய்ச் சேர்க்கும் மூன்று வியாபாரங்களை இணைத்து ஆரம்பித்தது. தொடங்கியவர்களில் ஹென்றி வெல்ஸ், வில்லியம் பார்கோ இருவரும் உண்டு. கலிபோர்னியாவுக்கும் போகலாம் என்று இவர்கள் சொன்னபோது மற்ற இயக்குநர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் 1852இல் தனியாக வெல்ஸ் பார்கோவைத் தொடங்கினார்கள். ஆக, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பத்திரத்தில் தலைவராக வெல்ஸ், செயலாளராகப் பார்கோ, பொருளாளராக அலெக்சாண்டர் ஹாலண்டு என்று மூன்று கையெழுத்து இருக்கும். இரண்டு பெரிய கம்பெனிகளைத் தொடங்கியவர்கள் ஒரே தாளில்.

முதலில் தேதியைப் பாருங்கள். 1868இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தன் போட்டிக் கம்பெனி ஒன்றோடு இணைந்தது, அப்போது வெல்ஸ் விலகினார், பார்கோ தலைவரானார். அதனால் 1870 தேதி போட்ட தாளில் தலைவர் இடத்தில் வெல்ஸ் கையெழுத்து இருந்தால் அது நடக்காத காரியம். எந்தப் பதவியில் எந்த ஆண்டு யார் இருந்தார் என்ற இந்த ஒரு சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை, ஆனால் மட்டமான போலிகளில் பாதி இதிலேயே விழுந்துவிடும்.

இரண்டாவதாக, வரி ஸ்டாம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1862 அக்டோபர் முதல் அமெரிக்க அரசு ஆவணங்களுக்கு வரி போட்டது, பங்குப் பத்திரத்துக்கு 25 சென்ட். 1872 வரை அது இருந்தது. ஆகவே 1864 தேதியுள்ள தாளில் அந்த வரி ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் பேனாவால் தேதியோ முதலெழுத்தோ போட்டு அடித்திருக்க வேண்டும். ஸ்டாம்பு உரிந்துபோன தாளும் உண்டு, அப்போது அந்த இடத்தில் காகிதத்தின் நிறம் வேறாகத் தெரியும். 1858 தாளில் ஸ்டாம்ப் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

அடுத்தது மை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். பேனாவால் போட்ட கையெழுத்தில் கோடு ஒரே அகலமாக ஓடாது, கீழே இழுக்கும்போது நிப்பு விரிந்து தடிக்கும், மேலே போகும்போது மெலியும், கோடு கோட்டைக் கடக்கும் இடத்தில் மை தேங்கிக் கருத்திருக்கும். அந்தக் கால மை நாள்பட்டு பழுப்பாகியிருக்கும், சில இடங்களில் தாளின் பின்பக்கம்வரை ஊறியிருக்கும். அச்சிட்ட கையெழுத்தில் இதெல்லாம் இருக்காது, கருமை எங்கும் ஒரே சீராக இருக்கும், அல்லது புள்ளி புள்ளியாகப் பிரியும். ரப்பர் முத்திரைக் கையெழுத்தில் ஓரங்களில் மை பிதுங்கி நடுவில் வெளிறியிருக்கும். இருபதாம் நூற்றாண்டில் பெரும் கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் பத்திரம் வெளியிட ஆரம்பித்ததும் தலைவரின் கையெழுத்தை அச்சிலேயே போட்டுவிட்டார்கள், அது போலியல்ல, ஆனால் கையெழுத்துக்கான விலை அதற்குக் கிடையாது. 'எடிசன் கையெழுத்துள்ள பத்திரம்' என்று யாராவது விற்றால் முதல் கேள்வி, பேனாவா அச்சா என்பதுதான்.

இன்னும் ஒரு சிக்கல், உதவியாளர் போட்ட கையெழுத்து. மை உண்மை, தாள் உண்மை, தேதியும் சரி, ஆனால் எழுதியவர் அவர் இல்லை. இதை லென்ஸ் கண்டுபிடிக்காது. அதே ஆண்டைச் சேர்ந்த, சந்தேகமில்லாத கையெழுத்துகள் நாலைந்தை அருகில் வைத்து, முதலெழுத்தின் வளைவு, எழுத்துகளின் சாய்வு, கடைசி இழுப்பு ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். முப்பது வயதில் போட்ட கையெழுத்தையும் அறுபதில் போட்டதையும் ஒப்பிடக் கூடாது. பெரிய தொகை என்றால் இந்த வேலையை நிபுணரிடம் விட்டுவிடுவது நல்லது.

ரத்து செய்த விதமும் விலையைப் பாதிக்கும். கத்தரியால் வெட்டியோ துளை போட்டோ ரத்து செய்திருப்பார்கள். அந்த வெட்டு கையெழுத்தின் நடுவே விழுந்திருந்தால் விலை நன்றாக இறங்கும், ஓரமாக விழுந்திருந்தால் பெரிய பாதிப்பில்லை. சில குமாஸ்தாக்கள் தலைவரின் கையெழுத்தையே கிழித்து எடுத்திருக்கிறார்கள், அந்தத் தாளில் மிஞ்சுவது படமும் கம்பெனியும்தான். அப்புறம் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க மறக்காதீர்கள். பங்கை விற்றவர் பின்னால்தான் கையெழுத்துப் போடுவார். முன்பக்கம் யாரோ ஒரு சாதாரண ரயில் கம்பெனித் தலைவரின் கையெழுத்து இருக்கும், ஆனால் பத்திரம் ரயில் கோடீஸ்வரர் வாண்டர்பில்ட் வீட்டுப் பிள்ளை ஒருவர் பெயரில் இருக்கும், பின்னால் அவர் கையெழுத்து இருக்கும். அப்போது பின்பக்கம்தான் விலை.

சரி, நம் தாள் எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு போகும்? உலகப் புகழ் பெற்ற கம்பெனி, மூன்று கையெழுத்து, நூற்றைம்பது வயதுக்கு மேல். பலரும் பல்லாயிரம் டாலர் என்று நினைப்பார்கள். உண்மையில் சில நூறு டாலரிலிருந்து ஆயிரத்தைச் சுற்றித்தான், நிலையைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே. ஏனென்றால் ரத்து செய்த இந்தத் தாள்கள் கணிசமாக மிஞ்சியிருக்கின்றன, எந்த ஆண்டிலும் ஏலத்தில் ஒன்றாவது இருக்கும். ஜே கூல்டு கதையும் இப்படித்தான். அமெரிக்க ரயில் வரலாற்றின் மிகப் பெரிய வில்லன், 1880களில் மிசௌரி கன்சாஸ் டெக்சஸ் ரயில்வேயின் தலைவர். அவர் அன்றாடம் உட்கார்ந்து போட்ட கையெழுத்துள்ள பத்திரங்கள் நிறைய இருப்பதால், சில நூறு டாலரில் அவர் கையெழுத்தை வாங்கிவிடலாம். புதிதாக ஆரம்பிப்பவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் கருத்து: பெயர் பெரியது, ஒப்பிட்டுப் பார்க்க நிறைய உண்மையான கையெழுத்து கிடைக்கிறது, போலி செய்து சம்பாதிக்கும் அளவுக்கு விலையும் இல்லை.

படம்: அழகுக்கு விலை உண்டா?

உண்டு, ஆனால் நினைப்பதைவிடக் குறைவு. பத்திரங்களில் ஏன் இவ்வளவு படம் என்றால், கள்ள அச்சைத் தடுக்கத்தான். அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி போன்ற அச்சகங்கள் ரூபாய் நோட்டு அச்சிடும் அதே முறையில், எஃகுத் தகட்டில் கையால் செதுக்கி, அழுத்தி அச்சிட்டன. விரலால் தடவினால் கோடுகள் மேடாகத் தட்டுப்படும். நியூயார்க் பங்குச் சந்தை, தன்னிடம் பட்டியலிட்ட கம்பெனிகளின் பத்திரத்தில் மனித உருவம் இருக்க வேண்டும் என்றே விதி வைத்திருந்தது, ஏனென்றால் முகத்தின் நிழலையும் தோலின் மென்மையையும் கள்ளத்தனமாகச் செதுக்குவது மிகக் கடினம். அமெரிக்கப் பத்திரங்களில் அரைகுறை ஆடையில் தேவதைகளும், சம்மட்டி பிடித்த தொழிலாளிகளும் எங்கே பார்த்தாலும் உட்கார்ந்திருப்பது இதனால்தான். 1971இல் பங்குச் சந்தைக்கு வந்த பிளேபாய் கம்பெனி இந்த விதியைத் தன் பாணியில் நிறைவேற்றியது, தன் பத்திரிகையின் மாடல் ஒருவர் ஆடையில்லாமல் சாய்ந்திருக்கும் படத்தைப் போட்டது. விளைவு, படத்துக்காகவே ஒரே ஒரு பங்கு வாங்கியவர்கள் ஏராளம். அவர்கள் ஒவ்வொருவருக்கும் டிவிடெண்டும் ஆண்டறிக்கையும் தபாலில் அனுப்பிக் கம்பெனி அலுத்துப்போய், 1990இல் படத்தை மாற்றிவிட்டது.

வெறும் அழகு விலையை எவ்வளவு தூரம் தூக்கும் என்பதற்குப் பாரிஸ் பிரான்ஸ் என்ற பல்பொருள் கடைக் கம்பெனியின் 1898 பத்திரம் நல்ல உதாரணம். அதை வரைந்தவர் அல்போன்ஸ் முக்கா, ஆர்ட் நூவோ பாணியின் பெரிய பெயர். அவருடைய சுவரொட்டி ஒன்று வாங்கப் பெரும் பணம் வேண்டும், இந்தப் பத்திரமோ சாதாரண ஆளும் வாங்கும் விலையில்தான் கிடைக்கிறது, ஏராளமாக அச்சிட்டார்கள், ஏராளமாக மிஞ்சியிருக்கிறது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட இதைவிட நல்லது எனக்குத் தெரியாது, ஆனால் விலை ஏறும் என்று பத்து வாங்கிப் போடாதீர்கள். இதற்கு நேர் எதிராக, 1748ஆம் ஆண்டின் ஸ்பெயின் நாட்டுச் செவில் சான் பெர்னாண்டோ ராயல் கம்பெனி பத்திரம் இருக்கிறது. தோல் தாளில், மேலே மன்னருக்குக் காவலான புனிதரும் கீழே துறைமுகமுமாக நிறைந்த வேலைப்பாடு. அழகு, வயது, அரிது மூன்றும் சேர்ந்ததால் அதன் இடமே தனி.

டுஷாம்பின் பத்திரத்தில் இந்தப் பாகுபாடே குழம்பிவிடுகிறது. படம், மேன் ரே எடுத்த புகைப்படம், சோப்பு நுரையால் தலைமுடியைக் கொம்பாக நிமிர்த்திய டுஷாம்பேதான் அதில் இருக்கிறார், பின்னால் ரூலெட் சக்கரம். கையெழுத்து இரண்டு, ஒன்று அவர் பெயரில், இன்னொன்று அவர் தனக்கு வைத்துக்கொண்ட ரோஸ் செலாவி என்ற பெண் பெயரில். முப்பது போடத் திட்டமிட்டு அதையும் முடிக்கவில்லை. கம்பெனி கிடையாது என்றாலும் கதை இருக்கிறது. வாங்குபவரும் பத்திரம் சேகரிப்பவர் இல்லை, நவீன ஓவியம் சேகரிப்பவர். அந்த 10 லட்சம் டாலர் வேறொரு சந்தையிலிருந்து வந்த பணம், அதை வைத்து மற்றப் பத்திரங்களின் விலையைக் கணக்குப் போட முடியாது.

விலை பார்ப்பதும் வைத்திருப்பதும்

இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை விலையே இல்லை, அது அவருடைய ஆசை. ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலத்தின் தொகையை வெளியிடுகின்றன, அதே கம்பெனி, அதே ஆண்டு, அதே கையெழுத்துள்ள தாள் கடைசி சில முறை எவ்வளவுக்குப் போனது என்று அங்கே பாருங்கள். சில பட்டியல்களில் ஏலக் கமிஷன் சேர்ந்திருக்கும், சிலவற்றில் சேராது, ஒப்பிடும்போது அதைக் கவனிக்க வேண்டும். 'அச்சிட்டுப் பயன்படுத்தாதது' என்று வரும் தாள்களில் எண்ணும் தேதியும் கையெழுத்தும் காலியாக இருக்கும், அவை பொதுவாக மலிவு. காலியான தாளில் பிற்பாடு கையெழுத்தைச் சேர்ப்பதுதான் போலி செய்பவர்களுக்கும் வசதி என்பதால், நிரப்பிய விவரங்களின் மையும் கையெழுத்தின் மையும் ஒரே வயதாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

நம் நாட்டுக்கு ஒரு சட்டக் குறிப்பு. வரலாற்று மதிப்புள்ள ஆவணம் 75 ஆண்டுக்கு மேற்பட்டதாக இருந்தால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரலாம், அப்படி வந்தால் தனியார் அதை ஏற்றுமதி செய்யக் கூடாது. விடுதலைக்கு முந்தைய இந்தியப் பத்திரம் ஒன்றை வெளிநாட்டுக்காரர் நல்ல விலைக்குக் கேட்டால், உடனே தபாலில் போட்டுவிடாமல் தொல்லியல் துறையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக லேமினேஷன். பழைய தாள் என்றதும் லேமினேட் செய்து 'பத்திரப்படுத்துவது' நம் வீடுகளில் ஒரு பழக்கமாகவே இருக்கிறது. சூட்டில் ஒட்டிய அந்த பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் பிரித்தெடுப்பது அநேகமாக முடியாது, செதுக்கு அச்சின் மேடும் நசுங்கிவிடும், பின்பக்கக் கையெழுத்தைச் சோதிக்கவும் முடியாது. செல்லோடேப்பும் ஸ்டேப்ளர் பின்னும் இதே வகைதான், டேப்பின் பசை சில ஆண்டில் மஞ்சள் கறையாக இறங்கிவிடும். மடிப்பைப் பிரித்துத் தட்டையாக வைத்து, அமிலமில்லாத தாளை அடியில் கொடுத்து, பாலியஸ்டர் உறைக்குள் போட்டு வெயில் படாத அலமாரியில் வையுங்கள். கிழிசல் இருந்தால் கிழிசலாகவே இருக்கட்டும், வாங்குபவர் அதைப் பார்த்து விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்பார், அவ்வளவுதான்.